நாலாயிரம் மணிநேரம் எப்போது நிறையும்?

யூடியூப் சேனல் தொடங்கிச் சில மாதம் ஆனவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். விளம்பர வருமானம் கிடைக்க 4,000 மணிநேரம் வேண்டும். இதுவரை வந்தது இவ்வளவு, மாதாமாதம் வருவது இவ்வளவு. மீதியை மாத வரவால் வகுத்தால் இன்னும் இத்தனை மாதம் என்று விடை வந்துவிடும். வகுத்தலில் பிழை இருக்காது. ஆனால் அந்த விடையை நம்பிக் காத்திருக்கும் பலருக்கு அந்த மாதம் வருவதே இல்லை.

காரணம் விதியிலேயே இருக்கிறது. 2018 ஜனவரியில் யூடியூப் அறிவித்த நிபந்தனை இது: 1,000 சப்ஸ்கிரைபர்கள் இருக்க வேண்டும், கூடவே கடந்த 12 மாதங்களில் மக்கள் உங்கள் வீடியோக்களைப் பார்த்த நேரம் 4,000 மணியை எட்ட வேண்டும். பலரும் 4,000-ஐ மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ‘கடந்த 12 மாதங்களில்’ என்பதை விட்டுவிடுகிறார்கள். சேனல் தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்துகொண்டே போகும் மொத்தம் அல்ல இது. இன்றிலிருந்து பின்னோக்கி 365 நாளை மட்டுமே யூடியூப் எண்ணுகிறது. நாளைக்கு எண்ணும்போது புதிதாக ஒரு நாள் உள்ளே வரும், பழைய நாள் ஒன்று வெளியே போகும். பன்னிரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய வேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் மாதங்கள் ஏறிக்கொண்டே இருக்கும். வேன் நிறைந்த பிறகு ஒருவர் ஏற வேண்டுமானால் ஒருவர் இறங்கியாக வேண்டும்.

ஒரு கற்பனைச் சேனலை வைத்துப் போட்டுப் பார்ப்போம். பைக் ரிப்பேர் சொல்லித்தரும் சேனல், தொடங்கி 7 மாதம் ஆகிறது. மாதவாரியாக வந்த மணிநேரம் 40, 90, 150, 250, 240, 280, 260. மொத்தம் 1,310. கடைசி மூன்று மாதத்தின் சராசரி 260. எட்ட வேண்டியது இன்னும் 2,690 மணி. அதை 260-ஆல் வகுத்தால் பத்து மாதத்துக்குச் சற்று மேல். அடுத்த பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வருமானம் வந்துவிடும் என்று வீட்டில் சொல்லிவைக்கத் தோன்றும்.

இப்போது மாதாமாதம் நடந்து பார்ப்போம். வரவு 260-லேயே நின்றால் 12-ம் மாத முடிவில் மொத்தம் 2,610. இதுவரை வகுத்தல் கணக்கும் உண்மையும் ஒன்றுதான். 13-ம் மாதம் 260 வரும், ஆனால் முதல் மாதத்தின் 40 போய்விடும். 14-ம் மாதம் 90 போகும், 15-ல் 150 போகும். 16-ம் மாதத்தில் நான்காம் மாதத்தின் 250 கழியும். நிகர லாபம் 10 மணி மட்டுமே. மொத்தம் 3,120-ஐ ஒட்டி வந்து அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் பன்னிரண்டு 260 தான் உள்ளே இருக்கும். பத்து மாதத்தில் கைக்கு வரும் என்று நினைத்த 4,000 இந்த வேகத்தில் ஒருநாளும் வராது.

ஆகவே ‘எத்தனை மாதம்’ என்று கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டாக வேண்டும்: இப்போதைய வேகம் 4,000-ஐத் தாங்குமா? 4,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதத்துக்குச் சுமார் 333 மணி. நிமிடக் கணக்கில் சரியாக 20,000. ஒருவர் உங்கள் வீடியோவைச் சராசரியாக 4 நிமிடம் பார்க்கிறார் என்றால் மாதத்துக்கு 5,000 பார்வை. இதற்குக் கீழே ஒரே சீராக ஓடும் சேனலுக்கு ‘இன்னும் இத்தனை மாதம்’ என்று சொல்ல விடையே இல்லை. இதற்கு மேலே ஓடினால் விடை உண்டு. ஆனாலும் அந்த விடை சேனலின் முதல் ஆண்டுக்குள் விழுந்தால் மட்டுமே வெறும் வகுத்தல் போதும்; அதைத் தாண்டினால் கழியும் மாதங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் பைக் சேனல் இதோடு முடிந்துபோனதா? இல்லை. புதிய சேனலின் வேகம் ஒரே இடத்தில் நிற்பது அரிது. ஏறலாம், இறங்கலாம். மாதாமாதம் 20 மணி மட்டும் கூடுகிறது என்று வையுங்கள்: 8-ம் மாதம் 280, அடுத்தது 300, அதற்கடுத்தது 320. அப்படிப் போனால் 12-ம் மாத முடிவில் 2,910, 15-ல் 3,830, 16-ம் மாதத்தில் 4,020. இன்றிலிருந்து ஒன்பது மாதம். 20 மணி என்பது 4 நிமிடச் சராசரியில் 300 பார்வைதான். ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைவிட 300 பார்வை கூடுவதற்கும் கூடாமலிருப்பதற்கும் இடையே உள்ள தூரம், ஒன்பது மாதத்துக்கும் ‘ஒருநாளும் இல்லை’ என்பதற்கும் உள்ள தூரம். அதனால் இந்த மாதிரிக் கணிப்பில் ஒற்றை எண் சொல்பவரை நான் நம்பமாட்டேன். வேகம் அப்படியே நின்றால் இது, கூடினால் இது, குறைந்தால் இது என்று மூன்று வரி எழுதுவதே நேர்மையான கணிப்பு.

வைரல் வீடியோ கணக்கைக் குழப்பும் விதம் தனி. 8-ம் மாதத்தில் ஒரு வீடியோ திடீரென்று ஓடி அந்த ஒரு மாதம் 900 மணி வந்தது, பிறகு பழைய 260-க்கே திரும்பிவிட்டது என்போம். 7, 8, 9-ம் மாதங்களின் சராசரியை எடுத்தால் 473 வரும். அடுத்த மூன்று நான்கு மாதத்தில் முடிந்துவிடும் போலத் தெரியும். உண்மையில் மொத்தம் 17-ம் மாதத்தில் 3,780-ஐத் தொட்டு அதற்கு மேல் ஏறாது. 20-ம் மாதத்தில் அந்த 900 வெளியேறும்போது மீண்டும் 3,120-க்கு இறங்கிவிடும். ஆகவே சராசரி எடுக்கும்போது அப்படிப்பட்ட மாதத்தை ஒதுக்கிவைத்து வேகத்தைக் கணக்கிட்டு, அதில் வந்த மணியைத் தனியாகக் கூட்டிக்கொள்வது நல்லது. பிளஸ் டூ பாடம் நடத்தும் சேனல்களுக்கும் இதே கவனம் வேண்டும். தேர்வுக்கு முந்தைய மாதங்களின் வேகத்தை ஆண்டு முழுதுக்கும் நீட்டக்கூடாது.

இதையெல்லாம் கையால் போட வேண்டியதில்லை. ஒரு விரிதாளில் B நெடுவரிசையில் இரண்டாம் வரியிலிருந்து மாதத்துக்கு ஒரு எண்ணாக இறக்குங்கள். கடந்தவை உண்மை எண்கள், வரப்போகிறவை உங்கள் ஊகம். 12-ம் மாதத்துக்கு எதிரே C13-ல் இதை எழுதிக் கீழ்நோக்கி இழுத்தால் போதும்:

```
=SUM(B2:B13)
```

C நெடுவரிசை எந்த வரியில் 4,000-ஐத் தாண்டுகிறதோ அதுதான் உங்கள் மாதம். தாண்டாமலே போனால் அதுவும் ஒரு பதில்.

எந்த எண்ணை இறக்குவது என்பதில்தான் அடுத்த வழுக்கல். யூடியூப் ஸ்டுடியோவில் Analytics பக்கம் காட்டும் பார்வை நேரமும், Earn பக்கம் காட்டும் நேரமும் பொதுவாக ஒத்துப்போகாது. முதலாவதில் எல்லாம் சேர்ந்திருக்கும். இரண்டாவதில் தகுதியுள்ள நேரம் மட்டும்தான். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்க்கப்பட்ட நேரம் 4,000-ல் சேராது. விளம்பரமாகக் காசு கொடுத்து ஓட்டிய பார்வைகளும், பிரைவேட், அன்லிஸ்டட் வீடியோக்களும், நீக்கப்பட்டவையும் சேராது. லைவ் போட்டுவிட்டு அதைப் பொதுவில் வைக்காமல் மறைத்தால் அந்த நேரமும் போச்சு. நிறைய ஷார்ட்ஸ் போடும் சேனலில் இரண்டு எண்ணுக்கும் இடைவெளி பெரிதாகவே இருக்கும். அப்படிப்பட்டவர்கள் மாத எண்ணை எடுக்கும்போது Analytics-ல் நீள வீடியோவையும் லைவையும் மட்டும் பிரித்தெடுத்து, கூட்டுத்தொகை Earn காட்டுவதோடு ஏறத்தாழ ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒத்துவந்தால்தான் கணிப்புக்கு அடித்தளம் சரி.

Earn எண் குறைகிறது என்று பதறுகிறவர்கள் உண்டு. அது எப்படிக் குறைகிறது என்பதைப் பார்த்தே பெரும்பாலும் காரணம் சொல்லிவிடலாம். தினமும் சிறிது சிறிதாகத் தேய்ந்தால், போன ஆண்டு நன்றாக ஓடிய நாட்கள் வெளியேறுகின்றன. ஒரே நாளில் பெரிய துண்டாக விழுந்தால், நன்றாக ஓடிய பழைய வீடியோ ஒன்றை நீங்களே பிரைவேட் ஆக்கியிருக்கலாம் அல்லது நீக்கியிருக்கலாம். இல்லையேல் போலிப் பார்வை என்று யூடியூப் கழித்திருக்கலாம். ‘வாட்ச் ஹவர்ஸ்’ விலைக்குத் தருகிறோம் என்பவர்களிடம் வாங்கியது இந்த இரண்டாம் வழியில்தான் போகும். தரம் சரியில்லை என்று பழைய வீடியோக்களைச் சுத்தம் செய்யும் ஆசையை 4,000 எட்டும்வரை தள்ளிப்போடுவது உத்தமம்.

நம் சேனலுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. 2023 ஜூனில் யூடியூப் ஒரு கீழ்ப்படியை அறிவித்து, பிறகு நாடுகளாகப் பரப்பியது: 500 சப்ஸ்கிரைபர்கள், கடந்த 90 நாளில் 3 பொது வீடியோக்கள், கடந்த 12 மாதத்தில் 3,000 மணி. இதற்கு மாதம் 250 மணி போதும். பைக் சேனல் 260-ல் நின்றாலும் 14-ம் மாத முடிவில், அதாவது இன்றிலிருந்து ஏழு மாதத்தில், சரியாக 3,000-ஐத் தொடும். ஆனால் இந்தப் படியில் விளம்பரப் பங்கு கிடையாது. பார்வையாளர்கள் தரும் சூப்பர் தேங்க்ஸ், மெம்பர்ஷிப் போன்றவை மட்டுமே. சின்னதென்றாலும் நெருங்கிய ரசிகர் கூட்டம் உள்ளவர்களுக்கு அதுவே உருப்படியான வரவாகலாம், மற்றவர்களுக்குப் பெயரளவுதான்.

ஷார்ட்ஸ் வழியாக நுழைய வேண்டுமானால் 90 நாளில் ஒரு கோடி பார்வை வேண்டும், நாளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். அந்த ஜன்னல் இன்னும் குறுகியது. பாதி மணிநேரமும் பாதி ஷார்ட்ஸும் சேர்த்து நிபந்தனையை நிரப்பவும் முடியாது. சப்ஸ்கிரைபர் கணக்குதான் எளிது. அதற்கு ஜன்னல் இல்லை, சாதாரண வகுத்தலே போதும். இரண்டு விடைகளில் எது பிந்தியதோ அதுதான் உங்கள் தேதி. அதன்மேல் பரிசீலனைக்குச் சுமார் ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நுணுக்கமும் வாசலைத் தாண்டும்வரைக்கும்தான். திட்டத்துக்குள் நுழைந்த பிறகு மணிநேரம் 4,000-க்குக் கீழே இறங்கியது என்பதற்காக மட்டும் யூடியூப் தானாக வெளியேற்றுவதில்லை. ஆறு மாதமோ அதற்கு மேலோ வீடியோவும் பதிவும் எதுவுமே போடாமல் கிடக்கும் சேனலிடமிருந்துதான் அந்த உரிமையைத் திரும்பப் பெறலாம் என்று வைத்திருக்கிறது.