அறிவிப்பின் இரண்டாவது வரி

ஞாயிறு திருப்பலியின் முடிவில், இறுதி ஆசீருக்கு முன், ஒரு தாள் வாசிக்கப்படுகிறது. "நம் பங்குத்தந்தைக்கு இதய அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருப்பதால் வரும் வாரம் முதல் 4 மாதங்கள் மருத்துவ விடுப்பில் செல்கிறார். இந்தக் காலத்தில் பக்கத்துப் பங்கின் தந்தை, ஆயரால் நம் பங்கின் நிர்வாகியாக நியமிக்கப்பட்டிருக்கிறார்." முதல் வரியைக் கேட்டதுமே கோயிலில் சலசலப்பு எழும். என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி, பிழைத்து வருவாரா என்று பெஞ்சுக்குப் பெஞ்சு பேச்சு ஓடும். இரண்டாவது வரி அநேகமாக யார் காதிலும் விழாது. ஆனால் அந்த 4 மாதத்தில் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டுக்கு அந்த வரிதான் முக்கியம்.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, நோயில் படுத்துவிட்டதால் பங்குத்தந்தை பதவி இழப்பதில்லை. அவர்தான் பங்குத்தந்தை. அவரால் பணியாற்ற முடியாத காலத்துக்கு ஆயர் ஒரு குருவை நிர்வாகியாக நியமிக்கிறார். 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 539, 540 எண்கள் இதைச் சொல்கின்றன. ஆயர் வேறு விதமாகக் கட்டளையிடாத வரை, நிர்வாகிக்குப் பங்குத்தந்தையின் கடமைகளும் உரிமைகளும் உண்டு. ஆனால் பங்குத்தந்தையின் உரிமைக்கோ பங்கின் சொத்துக்கோ பாதகமான எதையும் அவர் செய்யக் கூடாது. பொறுப்பு முடிந்ததும் பங்குத்தந்தையிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். "புதுச் சாமியார் வந்திருக்கிற கையோடு பீடத்தை மாற்றிக் கட்டிவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால், பங்குப்பேரவை மறுத்துவிடுவதே சரி. அந்த வேலை காத்திருக்கலாம்.

நிர்வாகி நியமிக்கப்படுவதற்குள் பங்குத்தந்தை திடீரென மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போய்விட்டால்? உதவிப் பங்குத்தந்தை இருந்தால் பொறுப்பு தானாகவே அவர் கைக்கு வந்துவிடும். அவர் உடனே ஆயருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒருவருக்கு மேல் இருந்தால், நியமனத்தில் மூத்தவர் பொறுப்பேற்பார். ஒருநாள்கூடப் பங்கு பொறுப்பாளர் இல்லாமல் இருக்கக் கூடாது என்பதே இந்த விதியின் நோக்கம்.

இப்போது கல்யாண வீட்டுக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, ஆகஸ்டில் திருமணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாவும் ஒரு குரு. வேறு மறைமாவட்டத்தில் முப்பது வருடமாகப் பணியாற்றுகிறார். அவர்தான் மந்திரிக்க வேண்டும் என்று குடும்பம் ஆசைப்படுகிறது. பங்குத்தந்தையிடம் வாய்மொழியாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அவரும் "அதற்கென்ன, பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பத்திரிகை அச்சாகிவிட்டது, ஓலையும் மூன்று ஞாயிறு வாசித்தாயிற்று. சித்தப்பா வந்து இறங்கி, திருமணத்தை நடத்தி வைக்கிறார். நிர்வாகியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கத்தோலிக்கர் திருமணம் செல்லுபடியாக, அந்த இடத்தின் ஆயரோ, பங்குத்தந்தையோ, அவர்களிடம் அதிகாரம் பெற்ற குருவோ திருத்தொண்டரோ முன்னின்று, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் மணமக்களின் சம்மதத்தைக் கேட்டுப் பெற வேண்டும். முப்பது வருட குருத்துவம் இந்த அதிகாரத்தைத் தராது. பொதுவாக எல்லாத் திருமணங்களுக்கும் அதிகாரம் கொடுப்பதானால் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட திருமணத்துக்கு மட்டுமென்றால், எந்தத் திருமணம், எந்தக் குரு என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சை அப்படிப்பட்ட அதிகாரமாகக் கொள்ள முடியாது. நிர்வாகியும் பீடத்தில் கூடவே நின்றார் என்பதும் உதவாது. சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிறவருக்கே அதிகாரம் இருக்க வேண்டும்.

அதிகாரம் இல்லாமல் நடந்திருந்தால் அந்தத் திருமணம் திருச்சபையின் பார்வையில் செல்லாது. பெரும்பாலும் இது அப்போதைக்குத் தெரியவராது. திருமணப் பதிவேட்டில் எழுத உட்காரும்போதோ, பல வருடம் கழித்து மணவாழ்வில் சிக்கல் வந்து மறைமாவட்டத் தீர்ப்பாயம் பழைய தாள்களைப் புரட்டும்போதோ தெரியவரும். சரிசெய்ய வழி உண்டு. தம்பதியர் சம்மதத்தை உரிய முறையில் மறுபடி சொல்லலாம்; அல்லது, இருவரின் சம்மதமும் நீடிக்கும்பட்சத்தில், மீண்டும் சொல்லவைக்காமலே ஆயர் திருமணத்தைச் செல்லுபடியாக்கலாம். ஆனால் கல்யாணத்துக்கு முன் நிர்வாகியிடம் போய் ஒரே ஒரு கடிதம் வாங்கியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. மணமகன் பெயர், மணமகள் பெயர், தேதி, சித்தப்பாவின் பெயர், நிர்வாகியின் கையெழுத்து, பங்கு முத்திரை. அவ்வளவுதான் அந்தக் கடிதம்.

மற்ற சடங்குகளில் இத்தனை கண்டிப்பு இல்லை. சாகக் கிடப்பவருக்கு எந்தக் குருவும் பாவமன்னிப்பு அளிக்கலாம். வழக்கமாக அதற்குரிய அதிகாரம் இல்லாதவரும் அந்த நேரத்தில் அளிக்கலாம். நோயில்பூசுதலுக்கும் அவசரத்தில் அருகில் இருக்கும் குருவை அழைக்கலாம். பிறந்த குழந்தை பிழைக்காது என்ற நிலையில், உரிய எண்ணத்தோடு யார் வேண்டுமானாலும், தாதிகூட, தலையில் தண்ணீர் ஊற்றித் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்குக் கொடுக்கலாம். பிறகு பங்கு அலுவலகத்தில் சொல்லிப் பதிவு செய்தால் போதும். ஆகவே நள்ளிரவில் அழைக்க ஒரு குருவின் கைப்பேசி எண் அறிவிப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். அலுவலக எண் மட்டும் போதாது.

பூசைக் கருத்து பற்றியும் ஒரு வார்த்தை. இறந்தவர்களின் நினைவு நாளுக்கு முன்கூட்டியே காணிக்கை கொடுத்துப் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பூசைகள் விடுப்போடு அழிந்துபோவதில்லை. பங்கில் இதற்கென ஒரு பதிவேடு உண்டு. அதை நிர்வாகி கையில் ஒப்படைக்க வேண்டும். வேறு குரு நிறைவேற்றினால், வாங்கிய காணிக்கை முழுவதும் அவருக்குப் போக வேண்டும் என்கிறது சட்டம்.

ஆலோசனை விஷயம் இவற்றையெல்லாம் விட நுட்பமானது. பதிவேட்டைக் கைமாற்றலாம், ஒருவர் மனம் திறந்து சொன்னதைக் கைமாற்ற முடியாது. ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதைக் குரு யாரிடமும், தனக்குப் பின் வரும் குருவிடமும்கூட, சொல்ல முடியாது. சம்பந்தப்பட்டவரே திரும்பவும் தொடங்கியாக வேண்டும். ஒப்புரவுக்கு வெளியே நடந்த பேச்சு, உதாரணமாகப் பிரிந்து போகும் நிலையில் உள்ள கணவன் மனைவியோடு மாதக்கணக்கில் பேசி வந்தது, வேறு. அவர்கள் இசைந்தால் மட்டுமே விஷயத்தை நிர்வாகியிடம் சொல்லலாம். எதைச் சொல்லலாம், எதை விட வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்ய வேண்டும். விடுப்புக்குப் போகுமுன் பங்குத்தந்தை ஒவ்வொருவரிடமும் இதைத் தனித்தனியாகக் கேட்டுவிடுவதே முறை. திடீரெனப் படுத்துவிட்டவருக்கு அந்த வாய்ப்பு இருக்காது. அப்போது நிர்வாகி வீடு வீடாக விசாரித்துப் போகக் கூடாது. "இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்தில் இருப்பேன், வர விரும்புகிறவர்கள் வரலாம்" என்று அறிவித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

நோயாளிக் குருவின் கைப்பேசியை ஜனங்கள் விடுவதில்லை என்பது வருத்தமான உண்மை. தையல் பிரிக்கும் முன்பே மகனின் குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேச அழைப்பார்கள். அன்புதான், ஆனால் அவரைக் குணமாக விடாத அன்பு. அறிவிப்பிலேயே அவர் எண்ணுக்கு அழைக்க வேண்டாம் என்று எழுதி, பதிலுக்கு யாரை அழைப்பது என்றும் சொல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு தவிப்பவர்கள் குரு கிடைக்கும் வரை காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 கட்டணமில்லாதது, இரவிலும் கிடைக்கும். அந்த எண்ணையும் சேர்த்து அச்சிடலாம்.

உங்கள் பங்கில் இப்படி ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட்டால், நிர்வாகியின் பெயரையும் எண்ணையும் அன்றே குறித்து வையுங்கள். வீட்டில் கல்யாணம் இருந்தால் பத்திரிகை அடிப்பதற்கு முன் அவரைப் போய்ப் பாருங்கள். வெளியூர்க் குரு மந்திரிக்கப் போகிறார் என்றால், அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.