1.20 என்ற சுவர் சரிந்த காலை

2011 செப்டம்பரில் சுவிஸ் தேசிய வங்கி ஓர் எல்லைக்கோடு போட்டது: ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம். பிராங்கின் மதிப்பு ஏறிக்கொண்டே போனால் ஏற்றுமதியாளர்கள் நொடித்துப்போவார்கள் என்ற கவலை அதற்கு. சொன்ன சொல்லைக் காக்க, வங்கி புதிதாகப் பிராங்கை உருவாக்கி யூரோக்களை வாங்கிக் குவித்தது.

வணிகர்கள் அந்தக் கோட்டை நம்பினார்கள். விலை 1.20-ஐ நெருங்கும்போதெல்லாம் கடனில் யூரோ வாங்கினார்கள்.

2,000 யூரோ முன்பணம் கட்டி, 1,00,000 யூரோவை 1.2010-க்கு வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1.1950-க்கு இறங்கினால் விற்றுவிட வேண்டும் என்று அவர் முன்கூட்டியே உத்தரவும் போட்டிருக்கிறார். அதிகபட்ச நட்டம் 600 பிராங்க் என்பது அவர் கணக்கு.

2015 ஜனவரி 15 காலை, வங்கி திடீரென்று கோட்டைக் கைவிட்டது. மூன்று நாள் முன்புதான் அதன் துணைத் தலைவர் அந்தக் கொள்கை தொடரும் என்று சொல்லியிருந்தார். நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே விழுந்தது. 1.1950-இல் வாங்க ஆளே இல்லை. விற்பனை உத்தரவு விலைக்கு உத்தரவாதம் தருவதில்லை. அடுத்துக் கிடைக்கும் விலையில்தான் அது நிறைவேறும். ஒரு பிராங்குக்கு விற்றிருந்தால் நட்டம் சுமார் 20,000 பிராங்க். முன்பணம் போக, தரகு நிறுவனத்துக்கே அவர் கடன்காரர்.

அப்படி வசூலாகாத கடன்களால் பிரிட்டனின் அல்பாரி நிறுவனம் திவாலானது.