கேட்டில் நின்றே ரயிலை அளக்கலாம்

ஒரு கம்பத்தை ரயிலின் தலை தொட்டதிலிருந்து வால் தாண்டும் வரை ஆன நேரத்தை வேகத்தால் பெருக்கினால் ரயிலின் நீளம் வந்துவிடும். 36 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். 60 நொடி கடந்தால் 600 மீட்டர். போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தேர்வுத்தாள் வேகத்தைச் சொல்லிவிடும். கேட்டில் நிற்பவருக்கு அதை யார் சொல்வது?

ரயிலே சொல்லும். நிலக்கரி ஏற்றிவரும் திறந்த வேகன்கள் பெரும்பாலும் BOXN வகை. இணைப்புகளையும் சேர்த்து ஒரு வேகன் 10.7 மீட்டர். ஆக, பத்து வேகன்கள் 107 மீட்டர். அவை எதிரே உள்ள கம்பத்தைத் தாண்ட எத்தனை நொடி என்று கைபேசியில் பார்த்தால் போதும். ஒரே ஒரு வேகனை அளக்கக் கூடாது. அது ஒரு நொடியில் ஓடிவிடும், பொத்தானை அழுத்தும் தாமதமே கணக்கைக் கெடுத்துவிடும்.

சிக்னல் கிடைத்துப் புறப்பட்ட ஒரு கூட்ஸ் வண்டியை எடுத்துக்கொள்வோம். எஞ்சினுக்கு அடுத்த பத்து வேகன்கள் 10.5 நொடியில் கடக்கின்றன. வேகம் நொடிக்கு 10.2 மீட்டர். முழு வண்டியும் கடக்க 60 நொடி. பெருக்கினால் 612 மீட்டர். இங்கேதான் ஏமாறுவோம், ஏனென்றால் வண்டி வேகம் பிடித்துக்கொண்டே போகிறது. கடைசிப் பத்து வேகன்களையும் அளந்தால் 9 நொடிதான், வேகம் 11.9. இரண்டின் சராசரி 11.05, நீளம் 663 மீட்டர். வேகம் சீராகக் கூடும்போது இந்தச் சராசரி நம்பகமானது. நடுவில் பிரேக் போட்டு மறுபடி கிளம்பினால் உதவாது.

விடை சரியா என்று பார்க்க வேகன்களை எண்ணலாம். முழு வண்டியில் வழக்கமாக 58 இருக்கும். அவையே 621 மீட்டர். எஞ்சினும் கார்டு வேனும் சேர்ந்தால் ஏறக்குறைய 655. நம் கணக்கு ஒரு வேகன் நீளம்கூடத் தவறவில்லை. அந்த 58-க்கும் காரணம் உண்டு. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு கூட்ஸ் ஒதுங்கும் லூப் லைனில் வண்டி நிற்க நெடுங்காலம் வைத்திருந்த அளவு 686 மீட்டர். வால் வெளியே நீட்டினால் மெயின் லைன் அடைபடும்.

2022 ஆகஸ்ட் 15-இல் சத்தீஸ்கரில் ஓடிய ‘சூப்பர் வாசுகி’ அந்த அளவையெல்லாம் மீறியது: 295 வேகன்கள், மூன்றரை கி.மீ. நீளம். ஒரு நிலையத்தைத் தாண்ட நாலு நிமிடம் ஆனதாகச் செய்தி வந்தது. திருப்பிக் கணக்கிட்டால் மணிக்கு சுமார் 52 கி.மீ. ஆனால் அது ஒரு கம்பத்தைத் தாண்டிய நேரமாக இருந்தால்தான். நிலையம் முழுவதையும் தாண்டிய நேரம் என்றால் பிளாட்பாரத்தின் நீளத்தையும் சேர்க்க வேண்டும். வேகம் 60-ஐ நெருங்கும்.