ரிவெட்டின் தலையை மட்டும் எடுங்கள்

எவர்சில்வர் வாணலி தேய்வதற்கு வெகுநாள் முன்பே அதன் கறுப்புக் கைப்பிடி விரிசல் விட்டுவிடும். அந்தக் கறுப்புப் பொருள் பெரும்பாலும் பேக்லைட். 1907-ல் லியோ பேக்லாண்ட் உருவாக்கிய இந்தப் பிளாஸ்டிக் ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு எந்தச் சூட்டிலும் உருகாது. அடுப்புக்குப் பக்கத்தில் அதை வைப்பதற்குக் காரணம் இதுதான். உருகாத பொருளை மறுபடி உருக்கி ஒட்டவும் முடியாது. பசை போட்டு ஒட்டினாலும் சூடும் எடையும் சேர்ந்து பிரித்துவிடும். கொதிக்கும் எண்ணெயோடு தூக்குகிற பாத்திரத்தில் அந்தச் சோதனை வேண்டாம். பழைய பிடியைக் கழற்றுவதே வழி.

முதலில் பிடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் குழிக்குள் திருகு இருந்தால் ஸ்க்ரூ டிரைவரே போதும். திருகே இல்லாமல், வாணலியின் உட்சுவரில் இரண்டு தட்டையான பொட்டுகள் தெரிந்தால் அது ரிவெட் அடித்த பிடி. ரிவெட் என்பது சுவரையும் பிடியையும் ஊடுருவி நிற்கும் சிறு உலோகக் கம்பி. இரு முனையிலும் தலை உண்டு. ஒரு தலை போனாலே கம்பிக்குப் பிடிமானம் இல்லை. அதனால் முழு ரிவெட்டையும் துளைத்தெடுக்க வேண்டியதில்லை. வெளித்தலையை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தை உள்பக்கமாகத் தட்டித் தள்ளிவிடலாம். உள்ளே இருந்து ட்ரில் போடுகிறவர்கள் பலர். பிட் சற்றே சறுக்கினாலும் சமையல் படும் பரப்பில் கீறல் விழும். சுவரின் துளையும் பெரிதாகும். புதுப் பிடி பொருந்துவதே அந்தத் துளையை நம்பித்தான்.

ரிவெட் எந்த உலோகம் என்று தெரிந்துகொள்ள, கத்தி முனையால் தலையில் அழுத்திக் கீறிப் பாருங்கள். எளிதாகப் பள்ளம் விழுந்தால் அலுமினியம். வழுக்கிக்கொண்டு போனால் ஸ்டீல். காந்தத்தை நம்ப வேண்டாம், நல்ல எவர்சில்வரும் பெரும்பாலும் அதில் ஒட்டாது. அலுமினியம் சாதாரண பிட்டுக்கே வெண்ணெய் போல வழிவிடும். எவர்சில்வரை வேகமாகச் சுற்றும் பிட் வெட்டாமல் உரசினால், உரசிய இடம் இறுகி முன்னைவிடக் கடினமாகிவிடும். அதற்குக் கோபால்ட் கலந்த பிட் வாங்குங்கள். மெதுவாகச் சுற்றவிட்டு நன்றாக அழுத்துங்கள். நடுநடுவே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நீளச் சுருளாகச் சிராய் வந்தால் வெட்டுகிறது என்று அர்த்தம். பொடி மட்டும் வந்து, பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தால் பிட் மழுங்கிவிட்டது. நிறுத்தி மாற்றுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வெளித்தலையின் அகலம் 9 மில்லிமீட்டர். தலை, கம்பியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம் இருக்கும் என்பதால், உள்ளே கம்பி சுமார் 5 மில்லிமீட்டர். தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு அடி. அந்தக் குழிதான் பிட்டைச் சறுக்காமல் வைக்கும். வாணலியைப் பலகையோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், கையில் பிடித்தால் பிட் சிக்கும்போது பாத்திரமே சுழன்று கையைக் கிழிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முதலில் 3 மில்லிமீட்டர் பிட்டால் தலையின் தடிமன் அளவுக்குத் துளை, பிறகு அதே துளையில் 5 மில்லிமீட்டர். தலை வளையமாகக் கழன்று பிட்டோடு சுற்றத் தொடங்கிய கணமே நிறுத்திவிட வேண்டும்.

சில சமயம் பிட்டோடு ரிவெட்டே சுற்றும். விரிசல் விட்ட பிடி அதை இறுக்கிப் பிடிக்காததால் வருவது இது. எப்படியும் போகிற பிடிதானே, குறடால் அதை உடைத்தெடுத்துவிடுங்கள். வெளியே தெரியும் கம்பியை ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிடலாம்.

கம்பியைத் தட்டும்போது சுவருக்கு உள்பக்கம் துளையுள்ள மரக்கட்டையை முட்டுக்கொடுங்கள். உள்தலை அந்தத் துளைக்குள் விழ வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் சுவர் நெளியும். கம்பியைவிடச் சற்று மெல்லிய பஞ்சை வைத்துச் சுத்தியலால் இரண்டு மூன்று முறை தட்டினால் வந்துவிடும். துளையின் விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் எடுத்து, பாத்திரத்தைப் பலமுறை கழுவுங்கள். சிராய் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது.

புதுப் பிடிக்கு எவர்சில்வர் போல்ட் போடலாம். ஆனால் நைலான் வளையம் வைத்த நட் வேண்டாம், சூட்டில் இளகிவிடும். பிடியைப் பொருத்தியதும் துளைகளுக்கு மேல் வரை தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் ஈரம் கசிந்தால் எண்ணெயும் கசியும். அடிக்கிற ரிவெட் உப்பித் துளையை நிறைத்துக்கொள்ளும், போல்ட் அப்படி உப்பாது. கசிகிற வாணலியைப் பாத்திரப் பட்டறையில் கொடுத்துத் திடமான ரிவெட்டாகவே அடித்து வாங்குங்கள். தகரக் கொட்டகைக்கு அடிக்கும் பாப் ரிவெட் நடுவில் பொள்ளலாக இருப்பதால் இதற்கு ஆகாது.