கொசுவலைச் சட்டத்துக்கு அரைக்கு அரை இணைப்பு

இரண்டு மரச் சட்டங்கள் சந்திக்கும் மூலையில், ஒவ்வொன்றிலும் பாதிக் கனத்தை எடுத்துவிட்டு ஒன்றின்மேல் ஒன்றை உட்காரவைப்பது அரைக்கு அரை இணைப்பு. பட்டறைகளில் இதை ஹாஃப் லேப் என்பார்கள். ஜன்னல் கொசுவலைச் சட்டம், கண்ணாடிச் சட்டம் போன்ற எளிய வேலைகளுக்கு இது போதும். கை ரம்பமும் உளியும் இருந்தால் செய்துவிடலாம்.

900 மில்லிமீட்டர் உயரமும் 600 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு கொசுவலைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் கனத்தில் இழைத்த சட்டங்கள் நான்கு வேண்டும். இந்த இணைப்பில் சட்டத்தின் வெளியளவுதான் மரத்தின் நீளம் என்பதால் கணக்குப் போட எதுவுமில்லை. ஒவ்வொரு முனையிலும் 2 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டால் கடைசியில் சீராக்க வசதி.

வேலையின் உயிர் குறியிடுவதில் இருக்கிறது. நான்கு சட்டங்களிலும் நல்ல பக்கத்தைத் தேர்ந்து, அதுதான் முகம் என்று பென்சிலால் அடையாளம் இட வேண்டும். மார்க்கிங் கேஜை 10 மில்லிமீட்டருக்கு வைத்து, எல்லாச் சட்டங்களிலும் முகத்திலிருந்தே கோடு இழுக்க வேண்டும். நிற்கும் சட்டங்களில் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பாதியும், குறுக்குச் சட்டங்களில் முகத்துப் பாதியும் கழிவு. கழிவுப் பகுதியில் பெருக்கல் குறி போட்டுவிட்டால், தவறான பக்கத்தை வெட்டும் ஆபத்து இல்லை.

முகத்திலிருந்தே ஏன் இழுக்க வேண்டும்? கேஜ் 10-க்குப் பதிலாக 10.5-ல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிற்கும் சட்டத்தில் 10.5 மிஞ்சும், குறுக்குச் சட்டத்தில் 9.5 மிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் அதே 20. மூலை சமமாகவே உட்காரும். ஒன்றில் முகத்திலிருந்தும் மற்றதில் முதுகிலிருந்தும் கோடு இழுத்திருந்தால் இரண்டிலும் 10.5 மிஞ்சி, மூலையில் 1 மில்லிமீட்டர் மேடு தட்டும். பாதிக் கனம் துல்லியமாக இருப்பதைவிட, ஒரே பக்கத்திலிருந்து அளப்பதுதான் முக்கியம்.

அடுத்தது, வெட்டு எங்கே நிற்க வேண்டும் என்ற குறுக்குக் கோடு. இதற்கு ஸ்கேல் வேண்டாம். சேரப்போகிற சட்டத்தையே மேலே வைத்து அதன் அகலத்தைக் குறித்து, மூலைமட்டம் பிடித்துக் கூரான கத்தியால் கீறினால் போதும். கத்திக் கீறல் நாரை அறுத்துவிடுவதால் வெட்டின் விளிம்பு பிசிறாது.

முதலில் இந்தக் குறுக்குக் கோட்டில் ரம்பம் போட வேண்டும். பல் கழிவுப் பக்கம் ஓட வேண்டும். கேஜ் கோட்டைத் தொட்டதும் இரு ஓரங்களையும் பார்த்து நிறுத்திவிட வேண்டும். எட்டிப்பார்க்காத பக்கத்தில்தான் ரம்பம் கோட்டைத் தாண்டும். தாண்டினால் மிஞ்சியிருக்கும் பாதி அந்த இடத்தில் பலமிழக்கும்.

பிறகு கழிவை உளியால் எடுக்கலாம். முனையில் உளியை வைத்து, கோட்டுக்கு நன்றாக மேலே, கழிவின் பாதியில் கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டிப் பார்க்க வேண்டும். பிளவு மேல்நோக்கி ஏறினால் நார் சாதகமாக ஓடுகிறது. இன்னும் கொஞ்சம் கீழே வைத்துப் பிளக்கலாம். கீழ்நோக்கி இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். தொடர்ந்தால் பிளவு கோட்டுக்கு அடியில் புகுந்து சட்டம் வீணாகும். அப்படிப்பட்ட மரத்தில், 6 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே ரம்ப வெட்டுகள் போட்டு, துண்டு துண்டாகத் தட்டி எடுப்பதே பாதுகாப்பு.

கடைசி 1 மில்லிமீட்டரைத் தட்டக்கூடாது. கையால் தள்ளிச் சீவ வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து பாதிவரை, பிறகு எதிர் ஓரத்திலிருந்து பாதிவரை நாருக்குக் குறுக்காகச் சீவினால் ஓரம் பிய்யாது. நடுவில் நிற்கும் மேட்டைப் பின்னால் எடுக்கலாம். மூலைமட்டத்தின் தகட்டை வெட்டின்மேல் நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்தால் மேடு இருக்கும் இடம் தெரியும். பெரும்பாலும் குறுக்கு வெட்டின் அடி மூலையில்தான் மரம் மிஞ்சிக் கிடக்கும். அதிகம் சீவிவிட்டால், அதே மரத்தின் இழைப்புச் சுருளை ஒட்டிக் கனத்தைச் சரிக்கட்டலாம்.

பசை இல்லாமல் நான்கு மூலைகளையும் ஒருமுறை பொருத்திப் பார்ப்பது அவசியம். பிறகு பசை தடவிக் கிளாம்ப் போட்டதும், வெளியளவுக் குறிகளுக்கு இடையே மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சுமார் 1,082 மில்லிமீட்டராக ஒத்திருந்தால் சட்டம் சதுரம். வேறுபட்டால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்ளே அழுத்தினால் நேராகும்.

இந்த இணைப்பில் பசைதான் பிடிப்பு. ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் அமைப்பு கிடையாது. அதனால் மழைச்சாரல் படும் ஜன்னலுக்குத் தண்ணீர் தாங்கும் மரப்பசையே வேண்டும். மூலைக்கு இரண்டாக, 15 மில்லிமீட்டர் திருகாணிகளைப் பின்பக்கத்திலிருந்து குறுக்குமறுக்காகப் போட்டால் முறுக்கலையும் தாங்கும். எடையுள்ள கதவுக்கு இது போதாது. அங்கே துளையும் கழுந்தும் கொண்ட இணைப்புதான் வேண்டும்.

பசை காய்ந்தபின், முனைகளில் விட்ட 2 மில்லிமீட்டரை இழைப்புளியால் எடுக்கலாம். மூலையிலிருந்து உட்பக்கமாகவே இழைக்க வேண்டும்; வெளிப்பக்கமாகத் தள்ளினால் முனையில் நார் பிய்ந்துவிடும்.