கூரை ஒழுக்கும் முற்பணமும்

ஐப்பசி பிறந்தால் பதுளையில் மழை வலுக்கும். தை மாதம் வரை தகரக் கூரைகளின் ஆணித்துளைகளுக்குச் சோதனைக் காலந்தான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தொழிலின் பொருட்டு நகருக்கு வந்து, வாடகை வீட்டில் குடியிருக்கும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். அவர் வீட்டுக்காரருக்குக் கைப்பேசியில் அனுப்பும் செய்தி இது: "அண்ணே, திரும்பவும் ஒழுகுது. எத்தனை தரம் சொல்றது? கொஞ்சம் பாருங்களேன்."

இதில் வருத்தம் இருக்கிறது; விவரம் இல்லை. எவ்விடத்தில் ஒழுகுகிறது, என்று தொடங்கியது, என்ன செய்ய வேண்டும் என்பன விளங்கவில்லை. "பார்க்கிறேன் தம்பி" என்று மறுமொழி வந்தாலும் அதற்கு நாள் குறிப்பில்லை. அதனையே இவ்வாறு எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, பின்னறை யன்னலுக்கு மேலே, தகரம் சுவரோடு சேருமிடத்தில், ஒக்டோபர் 18ஆம் திகதி இரவு முதல் நீர் ஒழுகுகிறது. சுவரின் ஈரம் மின்சார ஆளியை நெருங்கிவிட்டது. படம் இணைத்துள்ளேன். 25ஆம் திகதிக்கு முன் வேலையாள் ஒருவரை அனுப்பி உதவுமாறு வேண்டுகிறேன். மாலை 5 மணிக்குப் பின் வீட்டில் இருப்பேன்."

குற்றச்சாட்டு நீங்கியது; ஆயினும் கோரிக்கை வலுப்பெற்றது. இடம், நாள், ஆபத்து, வேண்டும் உதவி ஆகிய நான்கும் வந்துவிட்டன.

முற்பணத்தைப் பற்றியும் அவர், "நான் போறேன், காசைத் தந்துடுங்க" என்றே எழுதுவார். அதற்கு ஈடாக: "உடன்படிக்கையின்படி ஒரு மாத முன்னறிவித்தல் தந்து, மார்ச் 31ஆம் திகதி வீட்டை ஒப்படைக்கிறேன். நான் செலுத்திய முற்பணம் 60,000 ரூபா. பற்றுச்சீட்டின் படம் இணைத்துள்ளேன். நீர், மின்சாரக் கட்டண நிலுவை 2,350 ரூபாவைக் கழித்து, 57,650 ரூபாவை ஏப்ரல் 7ஆம் திகதிக்குள் தந்துதவ வேண்டுகிறேன். வேறு கழிவு உண்டாயின் அதன் விவரத்தை எழுத்தில் தருக. ஒப்படைக்கும் நாளில் இருவரும் வீட்டைச் சேர்ந்து பார்வையிடலாம்."

இவ்விரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்கலாகாது. கலந்தால் கூரையும் பணமும் பேரத்துக்குள்ளாகும். ஆயினும் முதற் கடிதமே பின்னதற்குக் காவல். வீட்டை விடும் நாளில், "சுவரில் கறை படிந்திருக்கிறது, பணத்தில் கழிப்பேன்" என்று வீட்டுக்காரர் கூறினால், அக்கறை கூரை நீரால் விளைந்தது, உரிய காலத்தில் அறிவிக்கப்பட்டது என்பதற்கு ஒக்டோபர்க் கடிதம் சான்று பகரும். வாயால் சொன்ன முறைப்பாட்டுக்கு அவ்வலிமை இல்லை.

கடிதத்துக்கும் எல்லை உண்டு. இலங்கையில் வழங்கும் உரோம டச்சுச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாவிடில், வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருத்தல் உரிமையாளரின் கடமை. ஆனால் அவர் திருத்தவில்லையென்று வாடகையைத் தாமாகவே நிறுத்திக்கொள்வது குடியிருப்பவருக்கே வழக்காக முடியலாம். குறித்த நாள் கடந்தால், முதற் கடிதத்தின் திகதியைச் சுட்டி, பதிவுத் தபாலில் மறு கடிதம் விடுக்க வேண்டும். அதற்கும் பயனில்லையேல், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபையை நாடலாம். சபையினர் இருதரப்பாரையும் இணக்கத்துக்குக் கொணர முயல்வர். அங்கே அவ்விளைஞர் முன்வைக்கத்தக்கவை அந்த இரு கடிதங்களும் பற்றுச்சீட்டுமே.