எபிசோடின் எழுத்து வடிவம்: சாயங்காலம் ஆனா தாத்தா ஏன் மாட்டைத் தேடுறார்?

(ஒலிப்பதிவைப் படிக்க வசதியாக லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் நிறைய பேர் கேட்ட ஒரு விஷயம் இது. வீட்ல தாத்தாவுக்கோ பாட்டிக்கோ டிமென்ஷியா, அதாவது மறதி நோய். மறதியைக் கூட சமாளிச்சுடறோம், ஆனா கோபம், சந்தேகம், ராத்திரி எழுந்து நடக்கறது, இதையெல்லாம் என்ன பண்றது? இன்னைக்கு எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கற ஒரு பக்கக் காகிதத்தைப் பத்திப் பேசப் போறேன். அது எப்படி வந்ததுங்கறதுதான் இந்தக் கதை.

எங்க ஊர் அலங்காநல்லூர். தாத்தா காளை வளர்த்தவர். கடைசிக் காளையை வித்துப் பத்து வருஷத்துக்கு மேல ஆகுது. நோய் வந்து ரெண்டாவது வருஷம், தினமும் சாயங்காலம் அஞ்சரை மணிக்கு வாசல்ல வந்து நிப்பார். "இருட்டப் போகுது, காளையப் புடிச்சுக் கட்டணும், கதவத் தொறங்க."

சித்தப்பா உண்மையைத்தான் சொல்லுவார். "அப்பா, காளைய வித்தாச்சுப்பா. எத்தன தடவ சொல்றது?" உடனே தாத்தா முகம் மாறிடும். "எவன்டா வித்தது? யாரக் கேட்டு வித்த?" கம்பைத் தூக்கிடுவார். ராத்திரி பத்து மணி வரைக்கும் வீடு அமைதியாகாது.

உண்மையைச் சொன்னா ஏன் சண்டை வருது?

அல்சைமர் வகை மறதி நோய்ல, புது நினைவுகளைப் பதிவு பண்ற மூளைப் பகுதிதான் முதல்ல கெடும். பழசு ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். காளையை வித்தது அவருக்குள்ள பதிவுல இல்ல, காளை வளர்த்தது இருக்கு. அதனால "வித்தாச்சு"ங்கற செய்தியை ஒவ்வொரு நாளும் அவர் முதல் தடவையாத்தான் கேக்கறார். ஒவ்வொரு நாளும் அதே அதிர்ச்சி. பேசின பேச்சு பத்து நிமிஷத்துல மறந்துபோகும். ஆனா அது கிளப்பின பயமும் கோபமும் அவ்வளவு சீக்கிரம் போறதில்ல.

அப்போ ஏன் சாயங்காலம் மட்டும்? இதுக்கு சன்டவுனிங்னு பேர். பகல் ராத்திரியைச் சொல்ற உடம்புக் கடிகாரமும் இந்த நோய்ல தடுமாறும். அதோட நாள் முழுக்க சேர்ந்த களைப்பு, குறையற வெளிச்சம், சுவர்ல விழற நிழல். இதெல்லாம் சேரும்போது குழப்பம் கூடுது.

ஒரு வாரம் எழுதிப் பார்த்தோம்

டாக்டர் அம்மாகிட்ட ஒரு நோட்டு போடச் சொன்னார். மூணே கட்டம்: முன்னாடி என்ன நடந்தது, அவர் என்ன செஞ்சார், பிறகு நாம என்ன செஞ்சோம். அம்மா ஏழு நாள் எழுதினாங்க. அஞ்சு நாள் ஒரே மாதிரி. மதியம் மூணு மணி நேரம் தூக்கம், எழுந்ததும் சும்மா உட்கார்ந்திருப்பார், லைட் போடறது ஆறரைக்கு. மத்த ரெண்டு நாள் பிரச்னையே இல்ல. அந்த ரெண்டு நாளும் பெரியப்பா வந்து அவரைக் கண்மாய்க் கரை வரை நடக்கக் கூட்டிட்டுப் போயிருந்தார்.

அதை வெச்சுத்தான் மாத்தினோம். மதியத் தூக்கம் முக்கால் மணி நேரம். நாலரைக்கு ஒரு நடை. அஞ்சு மணிக்கே எல்லா லைட்டும். திரும்பி வந்ததும் கைக்கு வேலையா கயிறு திரிக்க நார் கொடுத்தோம். கேள்வி வந்தா பதில் இதுதான்: "காளை மேல உங்களுக்கு எவ்வளவு கவலை மாமா. அது என்ன நிறம்? உக்காந்து சொல்லுங்க, காப்பி குடிச்சுக்கிட்டே கேக்கறேன்." காளை இருக்குன்னு பொய்யும் சொல்லல, இல்லைன்னு வாதாடவும் இல்ல. அந்தக் கவலைக்கு மட்டும் பதில் சொன்னோம்.

முழுசா நின்னுடல. வாரத்துல ரெண்டு நாள் வாசலுக்கு வருவார். ஆனா கம்பு தூக்கல.

"என் பணத்த எடுத்துட்டா"

இது அம்மாவை அழ வெச்ச விஷயம். அவரே தலையணைக்கடியில ஒளிச்சு வெச்ச பணம், வெச்ச இடம் மறந்துபோகும். காணாமப் போனதுக்கு மூளை ஒரு காரணத்தை உருவாக்கிக்கும். பக்கத்துலயே இருந்து பாத்துக்கறவங்க மேலதான் பழி விழும். "நானா எடுத்தேன்?"னு கேட்டா விசாரணை ஆரம்பிச்சுடும். "பணம் காணோமா மாமா? வாங்க, தேடுவோம்"னு சேர்ந்து தேடறது சண்டையைத் தவிர்க்கும். அவர் வழக்கமா ஒளிக்கற நாலு இடத்தை அம்மா தெரிஞ்சு வெச்சிருக்காங்க. கண்டெடுக்கறதை அவர் கையாலயே எடுக்க விடுவாங்க.

நாங்க பண்ணின தப்பு

காணும் பொங்கலன்னைக்கு எங்க ஊர் எப்படி இருக்கும்னு தெரியும்ல? மைக் சத்தம், கூட்டம், விடிய முன்னாடியே வண்டிகள். தாத்தாவுக்கு ஆகாதுன்னு மதுரையில ஒரு உறவுக்காரங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். அது சத்தத்தை விட மோசமாப் போச்சு. புது வீடு, பாத்ரூம் எங்கன்னு தெரியல, ரெண்டு ராத்திரி தூங்கல. அடுத்த வருஷம் வீட்டுலயே, பின்னாடி அறையில, ஜன்னலைச் சாத்தி, அவருக்குப் பழகின பெரியப்பா கூட இருந்தார். அது பரவாயில்ல.

எப்போ டாக்டர்?

இது முக்கியம். மேல சொன்னதெல்லாம் மெல்ல மெல்ல வர்ற மாற்றங்கள். ஆனா நேத்து வரைக்கும் ஓரளவு இருந்தவர் ஒண்ணு ரெண்டு நாள்ல தலைகீழா மாறினா, ஆளே மந்தமா தூங்கி வழிஞ்சா, இல்லாததைப் பார்த்தா, அதை டிமென்ஷியா கணக்குல எழுதிடாதீங்க. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைஞ்சது, வலி, புதுசா சேர்த்த மாத்திரை, இதுல ஏதாவது காரணமா இருக்கலாம். அன்னைக்கே காட்டணும், பல தடவை சரியாகக்கூடியது.

இன்னொண்ணு. மெடிக்கல்ல கேட்டு தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க. குழப்பத்தையும் கீழ விழறதையும் அது கூட்டும். கோபத்தை அடக்கத் தர்ற சில மனநல மருந்துகளுக்கு, டிமென்ஷியா உள்ள முதியவர்கள்கிட்ட பக்கவாதம், மரண அபாயம் கூடும்னு எச்சரிக்கை இருக்கு. தேவைப்பட்டா டாக்டர் சின்ன அளவுல, கொஞ்ச நாளுக்கு, திரும்பப் பார்த்துப் பார்த்துத்தான் தருவார்.

ஃப்ரிட்ஜ்ல ஒட்டினது

1. முன்னாடி வந்து, கண் மட்டத்துல, பேர் சொல்லிப் பேசு. பின்னாலேருந்து தொடாதே.
2. ஒரு நேரத்துல ஒரு வாக்கியம். பதிலுக்குக் காத்திரு.
3. முதல்ல பசியா, வலியா, பாத்ரூமா, சத்தமா, இருட்டான்னு பார்.
4. விஷயத்தைத் திருத்தாதே. கவலைக்குப் பதில் சொல்லு.
5. கம்பு தூக்கினா எட்டி நில்லு, வழியை மறிக்காதே. அஞ்சு நிமிஷம் கழிச்சு வேற ஆள் போகட்டும்.
6. சட்டைப் பையில ஃபோன் நம்பர் எழுதின சீட்டு. தெருமுனை டீக்கடையில சொல்லி வை.
7. திடீர் மாற்றம்னா டாக்டர்.

சென்னையிலயோ பெங்களூருலயோ இருந்து வீடியோ கால் பேசற நமக்கும் ஒரு வேலை இருக்கு. "தாத்தா, நான் யாரு சொல்லுங்க"ன்னு பரீட்சை வைக்காம, "தாத்தா, நான் உங்க பேரன், பெரியவர் மகன்"னு நாமே சொல்லிடலாம். ஊருக்குப் போனா, ஒரு முழு நாள் நாம பாத்துக்கிட்டு அம்மாவை வெளியில அனுப்பலாம். அம்மாவுக்குத் தூக்கம் இல்லாத வாரங்கள்லதான் வீட்ல அதிக சண்டை நடந்திருக்குன்னு அந்த நோட்டுலயே தெரிஞ்சது.

முதியோருக்கான எல்டர்லைன் 14567. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. ரெண்டும் இலவசம். மதுரைப் பக்கம் இருக்கறவங்களுக்கு அரசு ராஜாஜி மருத்துவமனையில நரம்பியல், மனநலப் பிரிவுகள் இருக்கு. போகும்போது அந்த ஏழு நாள் நோட்டையும், அவர் சாப்பிடற எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துட்டுப் போங்க. டாக்டர் முதல்ல கேக்கறது அதைத்தான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.